லேப்டாப் 4070, டெஸ்க்டாப் 4070: பெயர் ஒன்று, வேகம் ஒன்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்ல வர்ற ஆர்டிஎக்ஸ் 4070-உம் டெஸ்க்டாப் 4070-உம் ஒண்ணுதான், வாட் மட்டும் கொஞ்சம் கம்மின்னு கடையில சொல்றாங்க. உண்மையா?

இல்லை. வாட் குறைவு என்பது சரிதான், ஆனால் அதற்கும் முன்னால் சிப்பே வேறு. டெஸ்க்டாப் 4070 கிராபிக்ஸ் கார்டில் இருப்பது என்விடியாவின் AD104 என்ற சிப். அதில் கணக்குப் போடும் 5,888 கூடா கோர்கள், கூடவே 12 ஜிபி மெமரி. லேப்டாப் 4070-இல் இருப்பது அதைவிடச் சிறிய AD106. அதில் 4,608 கோர்கள், 8 ஜிபி மெமரி. சிப்புக்கும் மெமரிக்கும் இடையே தகவல் போய்வரும் வேகத்திலும் பெரிய இறக்கம் இருக்கிறது: டெஸ்க்டாப்பில் நொடிக்கு 504 ஜிபி, லேப்டாப்பில் 256 ஜிபி.

இந்த வித்தியாசத்தை வேகமாக மாற்றிப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். கோர் எண்ணிக்கையை, நிறுவனமே அறிவித்திருக்கும் அதிகபட்ச பூஸ்ட் க்ளாக்கால் பெருக்குங்கள்.

```
டெஸ்க்டாப் 4070:  5888 x 2.475 GHz = 14573
லேப்டாப் 4070:    4608 x 2.175 GHz = 10022
விகிதம்:          10022 / 14573 = 0.69
```

ஆக, முழு வாட் கொடுத்த நல்ல லேப்டாப்பிலேயே டெஸ்க்டாப் கார்டின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். ஒரே தலைமுறைச் சிப்புகளுக்குள் மட்டும் இந்தக் கணக்கைப் போடுங்கள். 30 வரிசையையும் 40 வரிசையையும் இதை வைத்து ஒப்பிட்டால் விடை தப்பாக வரும், ஏனென்றால் கோரின் உள்ளமைப்பும் கேஷ் அளவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன.

அப்போ லேப்டாப் 4070 எந்த டெஸ்க்டாப் கார்டுக்குப் பக்கத்துல நிக்கும்?

டெஸ்க்டாப் 4060 டிஐ கார்டைப் பாருங்கள். அதில் இருப்பதும் இதே AD106 சிப்தான். 4,352 கோர்கள், 8 ஜிபி மெமரி, அதே 128 பிட் பாதை. அந்தக் கார்டுக்கு 160 வாட் வரை மின்சாரம் கிடைக்கிறது, க்ளாக்கும் அதிகம். லேப்டாப் 4070-க்குக் கோர் கொஞ்சம் கூடுதல், க்ளாக் குறைவு, மெமரியும் சற்று மெதுவானது. கூட்டிக் கழித்தால் நல்ல குளிரூட்டலும் முழு வாட்டும் உள்ள லேப்டாப் 4070, டெஸ்க்டாப் 4060-க்கு மேலே, 4060 டிஐ-க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும்.

வேகத்தை அளக்கும் மென்பொருளான 3டிமார்க்கின் டைம் ஸ்பை சோதனையில் கிராபிக்ஸ் மதிப்பெண்ணைப் பார்த்தாலும் இதே படம்தான் தெரிகிறது. டெஸ்க்டாப் 4060 சுமார் 10,500, முழு வாட் லேப்டாப் 4070 சுமார் 12,000, டெஸ்க்டாப் 4060 டிஐ 13,000-க்கு மேல், டெஸ்க்டாப் 4070 சுமார் 17,500. கடைசி எண்ணால் 12,000-ஐ வகுத்துப் பாருங்கள். மேலே காகிதத்தில் போட்ட 0.69 கிட்டத்தட்ட அப்படியே வரும்.

கடைக்காரர் சொன்ன "கொஞ்சம்" எவ்வளவு பெரிய கொஞ்சம் என்பது இப்போது தெரியும்.

எல்லா மாடல்லயும் இதே அளவு இடைவெளியா? நான் 4060 லேப்டாப்தான் பார்த்துட்டு இருக்கேன்.

4060 விஷயத்தில் பெயரை ஓரளவு நம்பலாம். லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் அதே AD107 சிப், அதே 3,072 கோர்கள், அதே 8 ஜிபி. டெஸ்க்டாப் கார்டே 115 வாட்டில் ஓடுவதுதான் என்பதால் லேப்டாப்புக்குள் அடக்குவது கஷ்டமாக இல்லை. மேலே போட்ட கணக்கை இதற்குப் போட்டால் 0.96 வரும். முழு வாட் உள்ள லேப்டாப் 4060, டெஸ்க்டாப் 4060-க்கு மிக அருகில் ஓடுவதை நேரிலும் பார்க்கலாம்.

மேலே போகப் போக இடைவெளி அகலும். லேப்டாப் 4090-இல் இருப்பது 9,728 கோர் கொண்ட AD103. டெஸ்க்டாப் 4080-இல் இருக்கும் அதே சிப், அதே கோர் எண்ணிக்கை. டெஸ்க்டாப் 4090-இல் இருப்பதோ 16,384 கோர் கொண்ட AD102, மெமரி 24 ஜிபி, மின்சாரம் 450 வாட். லேப்டாப் 4090-க்கு அதிகபட்சமே 175 வாட்தான். கணக்குப்படி பாதி வேகம்கூட எட்டவில்லை. காரணம் எளிது: 450 வாட் சூட்டை மடிமேல் வைக்கும் ஒரு பெட்டியிலிருந்து வெளியேற்ற வழியே கிடையாது. அதனால் பெயரில் எண் பெரிதாக ஆக, லேப்டாப்பில் அது டெஸ்க்டாப்பிலிருந்து விலகிப் போகிறது.

இது எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. 2016-இல் ஜிடிஎக்ஸ் 10 வரிசை வந்தபோது என்விடியா லேப்டாப் சிப்புகளின் பெயரில் இருந்த "எம்" எழுத்தை எடுத்துவிட்டது. அப்போது எடுத்ததில் ஓரளவு நியாயம் இருந்தது. 1060-க்கும் 1080-க்கும் இரு பக்கமும் ஒரே கோர் எண்ணிக்கை. 1070-இல் லேப்டாப்புக்கு 2,048, டெஸ்க்டாப்புக்கு 1,920 என லேப்டாப்பே முன்னால் இருந்தது. அதற்கு முந்தைய 980எம்மில் 1,536 கோர், டெஸ்க்டாப் 980-இல் 2,048. எழுத்து போனது, ஒற்றுமை சில ஆண்டுகள் நின்றது, அப்புறம் அதுவும் போனது. 30 வரிசையில் டெஸ்க்டாப் 3080-க்கு 8,704 கோர், லேப்டாப் 3080-க்கு 6,144.

புதிய 50 வரிசையிலும் கதை மாறவில்லை. டெஸ்க்டாப் 5070-க்கு 6,144 கோர், 12 ஜிபி. லேப்டாப் 5070-க்கு 4,608 கோர், 8 ஜிபி. டெஸ்க்டாப் 5090-க்கு 21,760 கோர், லேப்டாப் 5090-க்கு 10,496. ஆகவே ஒரு தலைமுறையில் கற்றுக்கொண்ட விகிதத்தை அடுத்ததற்கு அப்படியே கொண்டுபோகாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் தனியாகப் பார்ப்பதுதான் சரி.

ரெண்டு லேப்டாப், ரெண்டுலயும் 4070. விலையில முப்பதாயிரம் வித்தியாசம். விலை கம்மியானதையே வாங்கிடலாமா?

முதலில் இரண்டுக்கும் வாட் எவ்வளவு என்று கேளுங்கள். லேப்டாப் 4070-க்கு என்விடியா அனுமதிக்கும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. எவ்வளவு வைப்பது என்பதை லேப்டாப் செய்யும் நிறுவனம் தன் பெட்டியின் தடிமன், விசிறி, வெப்பக் குழாய்களைப் பொறுத்து முடிவு செய்கிறது. பூஸ்ட் க்ளாக்கும் அதற்கேற்ப 1,230 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,175 வரை மாறும்.

கீழ்க்கோடியில் என்ன ஆகிறது என்று பாருங்கள். 4,608 கோரை 1.23-ஆல் பெருக்கினால் சுமார் 5,670 வருகிறது. முழு வாட் லேப்டாப் 4060-க்கு அதே பெருக்கல் சுமார் 7,280 தருகிறது. அதாவது மெலிசான லேப்டாப்பில் அடைபட்ட 4070, தடித்த லேப்டாப்பில் இருக்கும் 4060-இடம் தோற்கலாம். 35 வாட்டில் 4070 விற்பவர்கள் அபூர்வம், ஆனால் 80, 90 வாட்டில் விற்பது சாதாரணம். அங்கேயும் 4070-க்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

சில லேப்டாப்பில் "140 வாட்" என்று இருக்கும். அது 115-உம் டைனமிக் பூஸ்ட் என்ற வசதியின் 25-உம் சேர்ந்தது. பிராசஸர் சும்மா இருக்கும்போது அதன் பங்கு மின்சாரத்தில் 25 வாட் வரை எடுத்து கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுப்பதுதான் அந்த வசதி. பிராசஸரை நன்றாக வேலை வாங்கும் கேமில், குறிப்பாகக் கூட்டம் நிறைந்த நகரம் ஒன்றை உருவகிக்கும் கேம்களில், அந்த 25 வந்து சேராது.

இணைய விற்பனைப் பக்கங்களில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. "RTX 4070 8GB" என்று மட்டும் போட்டிருப்பார்கள். லேப்டாப் நிறுவனத்தின் சொந்த வலைத்தளத்தில், அந்த மாடலின் முழு விவரப் பட்டியலில் "TGP" அல்லது "Maximum Graphics Power" என்ற வரியைத் தேடுங்கள். மாடல் பெயர் மட்டும் பார்த்தால் போதாது, கடைசியில் வரும் எழுத்தும் எண்ணும் வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வாட்டில் வரும் லேப்டாப்புகள் உண்டு. எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் நான் அதைக் குறைந்த வாட் என்றே எடுத்துக்கொள்வேன். 140 வைத்திருப்பவர்கள் அதைப் பெரிய எழுத்தில் போடாமல் விடுவதில்லை.

என் லேப்டாப் 140 வாட்னு போட்டிருக்கு. கேம் ஓடும்போது 100, 105-க்கு மேல போகவே மாட்டேங்குது. பீஸ் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. 40 வரிசையின் 4060, 4070 லேப்டாப் சிப்புகளில் இது பரவலாகக் காணப்படும் நடத்தை. அந்தச் சிப்புகளுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு ஒரு மேல்வரம்பு இருக்கிறது. க்ளாக் அந்த வரம்பில் போய் முட்டிவிட்டால், வாட் மிச்சம் இருந்தாலும் சிப் அதை எடுத்துக்கொள்ளாது. GPU-Z மென்பொருளில் "PerfCap Reason" என்ற வரியில் "VRel" என்று காட்டினால் இதுதான் நடக்கிறது என்று பொருள்.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு லாபம் உண்டு. இந்த இரண்டு சிப்புகளிலும் 100, 110 வாட்டுக்கு மேல் கிடைக்கும் பலன் ரொம்பக் குறைவு. 115-க்கும் 140-க்கும் நடுவில் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். 75-க்கும் 115-க்கும் நடுவில் மட்டும் கண்டிப்பாக உடைத்துக்கொள்ளுங்கள். 4080, 4090 லேப்டாப் சிப்புகள் இப்படி இல்லை. அவை பெரிய சிப்புகள் என்பதால் கொடுத்த வாட்டை எல்லாம் பயன்படுத்திக்கொள்ளும்.

க்ளாக் 2,200-க்கு மேலே நின்று வாட் 100-இல் இருந்தால் கவலை இல்லை. க்ளாக் 1,700-க்கு இறங்கி வாட்டும் 70-க்கு இறங்கியிருந்தால் அது வேறு பிரச்சினை, அதை அடுத்த பதிலில் பார்க்கலாம்.

லேப்டாப் கைக்கு வந்தாச்சு. சொன்ன வேகம் வருதான்னு நானே எப்படிச் சோதிக்கிறது?

மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டம், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு வாட் அனுமதி என்று தெரிந்துகொள்வது. என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து "System Information" பக்கத்துக்குப் போனால் "Maximum Graphics Power" என்ற வரியில் வாட் இருக்கும். விவரப் பட்டியலில் பார்த்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். சிப் பெயரும் கோர் எண்ணிக்கையும் GPU-Z காட்டும்.

இரண்டாம் கட்டம், குறுகிய சோதனை. சார்ஜரைச் செருகி, லேப்டாப்பின் சொந்தச் செயலியில் அதிகபட்ச வேக முறையைத் தேர்ந்தெடுத்து, 3டிமார்க் டைம் ஸ்பை ஓட்டுங்கள். ஸ்டீமில் கிடைக்கும் இலவச டெமோவே போதும். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், அதில் பிராசஸரும் கலந்திருக்கும். "Graphics score" என்ற வரி மட்டும்தான் நமக்கு வேண்டியது.

மூன்றாம் கட்டம்தான் முக்கியம். டைம் ஸ்பை சில நிமிடங்களில் முடிந்துவிடும், அதற்குள் உலோகம் முழுவதும் சூடேறியிருக்காது. நீங்கள் வழக்கமாக ஆடும் கேமைத் திறந்து, எஃப்.பி.எஸ் வரம்பையும் வி-சிங்க்கையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் ஆடுங்கள். பின்னணியில் கமாண்ட் பிராம்ப்டில் இது ஓடட்டும்:

```
nvidia-smi --query-gpu=power.draw,clocks.gr,temperature.gpu,memory.used --format=csv -l 5
```

ஐந்து நொடிக்கு ஒரு வரி விழும்: வாட், க்ளாக், வெப்பம், பயன்பட்ட மெமரி. ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 115 வாட் என்று விற்ற 4070 லேப்டாப். முதல் ஐந்து நிமிடம் 108 வாட், 2,300 மெகாஹெர்ட்ஸ், 74 டிகிரி. இருபதாவது நிமிடத்தில் 82 வாட், 1,950 மெகாஹெர்ட்ஸ், 87 டிகிரி. க்ளாக் 15 சதவீதம் இறங்கியிருக்கிறது. அப்படியானால் டைம் ஸ்பையில் 12,000 வாங்கிய இந்த லேப்டாப், உண்மையான ஆட்டத்தில் 10,200 அளவுக்கான வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் பணம் கொடுத்தது 4070-க்கு, கையில் ஓடுவது டெஸ்க்டாப் 4060 அளவு.

இறக்கத்துக்கு எது காரணம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை ஓட்டுங்கள்:

```
nvidia-smi -q -d PERFORMANCE
```

"SW Power Cap" என்ற வரிக்கு எதிரே Active என்று வந்தால் வாட் வரம்பு தடுக்கிறது. "SW Thermal Slowdown" எதிரே Active வந்தால் சூடு தடுக்கிறது. வாட் வரம்பு தடுத்தால் அது லேப்டாப்பின் இயல்பு, நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. சூடு தடுத்தால் செய்ய இடம் இருக்கிறது: பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைப்பது, தூசி எடுப்பது, பழைய லேப்டாப் என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றுவது.

விமர்சகர்கள் ஏசி அறையில் சோதிக்கிறார்கள். மே மாதத்து வேலூரில் ஏசி இல்லாத அறையில் சோதித்தால் உங்கள் எண் அவர்களுடையதைவிடக் குறையும்தான். அறை பத்து டிகிரி கூடுதல் என்றால் சிப் வெப்ப வரம்பைத் தொடுவதும் அவ்வளவு சீக்கிரம்.

வாட் சரி, சூடும் சரி, க்ளாக்கும் சரி. ஆனா எஃப்.பி.எஸ் மட்டும் எல்லாரையும்விட கம்மியா வருது. ஏன்?

அப்போது கிராபிக்ஸ் சிப்பை விட்டுவிட்டு அதைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது ரேமை. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பல கேமிங் லேப்டாப்புகள் ஒரே ஒரு ரேம் குச்சியோடு வருகின்றன. பிராசஸருக்கு மெமரியோடு பேச இரண்டு வழி இருந்தும் ஒன்று மூடிக்கிடக்கிறது. பிராசஸரை நம்பியிருக்கும் கேம்களில் இதனால் எஃப்.பி.எஸ் நன்றாகவே விழும், ஆட்டம் விட்டுவிட்டு ஓடுவதும் கூடும். அதே அளவு, அதே வேகத்தில் இன்னொரு குச்சி போட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது மக்ஸ் சுவிட்ச், அதாவது எந்த கிராபிக்ஸ் சிப் திரைக்குப் படம் அனுப்பும் என்பதை மாற்றும் சுவிட்ச். பல லேப்டாப்பில் 4070 வரைந்த படம் நேராகத் திரைக்குப் போகாமல், பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போகிறது. எஃப்.பி.எஸ் மிக அதிகமாக ஓடும் 1080பி கேம்களில் இந்தச் சுற்றுவழி பத்து சதவீதமோ அதற்கு மேலோ தின்றுவிடும். லேப்டாப் செயலியிலோ பயாஸிலோ டிஸ்க்ரீட் கிராபிக்ஸ் மட்டும் என்ற முறை இருந்தால் அதற்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். அட்வான்ஸ்டு ஆப்டிமஸ் உள்ள லேப்டாப்புகள் இதைத் தாமாகவே செய்யும். டெஸ்க்டாப்பில் மானிட்டர் கார்டிலேயே செருகப்படுவதால் இந்தத் தொல்லை கிடையாது. ஒப்பிடும்போது பலர் மறக்கும் விஷயம் இது.

மூன்றாவதாக சார்ஜர். கூட வந்த 230 அல்லது 330 வாட் சார்ஜர் கனமாக இருக்கிறது என்று 100 வாட் டைப்-சி சார்ஜரில் ஆடினால், மொத்த லேப்டாப்புக்குமே 100 வாட்தான். பேட்டரியில் ஆடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே வரும் எண்ணை எந்த டெஸ்க்டாப்போடும் ஒப்பிட முடியாது.

வேகம் மூன்றில் இரண்டுன்னா, செட்டிங்ஸ் கொஞ்சம் குறைச்சு ஆடிட்டா போதும்தானே?

பெரும்பாலான கேம்களில் போதும். விகிதக் கணக்கு பொய்த்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது, அது மெமரி. டெஸ்க்டாப் 4070-க்கு 12 ஜிபி, லேப்டாப்புக்கு 8 ஜிபி. ஒரு கேம் 7 ஜிபி கேட்கும்வரை இரண்டுக்கும் நடுவில் அதே 0.69 விகிதம் நீடிக்கும். 9 ஜிபி கேட்க ஆரம்பித்தால் டெஸ்க்டாப் கார்டு எதுவும் நடக்காததுபோல ஓடும். லேப்டாப்போ மிஞ்சியதைப் பல மடங்கு மெதுவான சாதாரண ரேமில் வைத்து எடுத்து வர வேண்டியிருக்கும்.

அப்போது சராசரி எஃப்.பி.எஸ் பெரிதாக விழாமல்கூட இருக்கலாம். விழுவது "1% லோ" என்று காட்டும் எண். சராசரி 60 இருக்கும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு நொடி உறையும். சில கேம்கள் உறையாமல், சத்தமில்லாமல் சுவர்களையும் முகங்களையும் மங்கலான டெக்ஸ்சரில் காட்டிவிடும். மேலே சொன்ன கட்டளையில் memory.used 7,700-ஐத் தாண்டி ஒட்டிக்கொண்டே நின்றால் இதுதான் காரணம். டெக்ஸ்சர் தரத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள், மற்றவற்றைத் தொட வேண்டாம். ரே ட்ரேஸிங்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் தமக்கென்று தனியாக மெமரி கேட்பவை, 8 ஜிபியில் அவற்றை ஆன் செய்யும்போது இந்த எண்ணை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

யூடியூப்ல ஒருத்தர் லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, வித்தியாசம் 10 சதவீதம்தான்னு காட்டுறாரே?

அவர் பொய் சொல்லாமலே அப்படி வரலாம். 1080பி-இல், லேசான கேமில், இரண்டு பக்கமும் பிராசஸர்தான் எல்லை என்றால் எந்தக் கார்டு போட்டாலும் எஃப்.பி.எஸ் ஒரே இடத்தில் நிற்கும். அந்தச் சோதனை அளந்தது பிராசஸரை. வீடியோவின் மூலையில் ஓடும் எண்களில் ஜிபியு பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். 70, 75 என்று காட்டினால் அந்த வீடியோவை வைத்துக் கார்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. 1440பி-க்குப் போனால் இடைவெளி வெளியே வரும்.

இன்னொன்று, குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கி எஃப்.பி.எஸ்-ஐக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதி லேப்டாப் பக்கம் ஆன், டெஸ்க்டாப் பக்கம் ஆஃப் என்று இருக்கிறதா என்றும் கவனியுங்கள். லேப்டாப்பின் வாட்டைத் திரையில் காட்டாத ஒப்பீட்டை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

ஏஎம்டி லேப்டாப் சிப்புகளும் இப்படித்தானா?

கிட்டத்தட்ட. ஆர்எக்ஸ் 6800எம் என்ற லேப்டாப் சிப்பில் இருப்பது டெஸ்க்டாப் 6700 எக்ஸ்டி-யில் உள்ள நவி 22. டெஸ்க்டாப் 6800-இல் இருப்பது அதைவிடப் பெரிய நவி 21. அதே ஒரு படி ஏற்றம்தான், ஆனால் கடைசியில் "எம்" என்றோ "எஸ்" என்றோ ஒரு எழுத்தாவது இருக்கிறது. என்விடியாவில் அந்த வேலையை "Laptop GPU" என்ற இரண்டு சொற்கள் செய்ய வேண்டும். அவை விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் இருக்கும், விளம்பரத்தில் பெரும்பாலும் இருக்காது.

பிளெண்டர்ல ரெண்டர் பண்றதுக்கும் இதே கணக்கா?

ரெண்டரிங்கில் பிராசஸர் குறுக்கே வராது, கோரும் க்ளாக்கும்தான் பேசும். அதனால் மேலே போட்ட பெருக்கல் கேமைவிட இங்கே இன்னும் நன்றாகப் பொருந்தும். ரெண்டர் மணிக்கணக்கில் ஓடும் என்பதால் முதல் ஐந்து நிமிட க்ளாக்கை எடுக்காமல், அரை மணி கழித்து நிலைத்து நிற்கும் க்ளாக்கைக் கணக்கில் போடுங்கள். காட்சி 8 ஜிபிக்குள் அடங்காவிட்டால் பல மடங்கு மெதுவாகலாம், சில சமயம் ரெண்டரே பாதியில் நின்றுவிடும்.

கடைசியா ஒண்ணு. கையில இருக்கிற காசுக்கு 140 வாட் 4060, இல்லேன்னா 90 வாட் 4070. எதை எடுக்கிறது?

நான் 4060-ஐ எடுப்பேன். இரண்டுக்கும் மெமரி அதே 8 ஜிபி, மெமரி வேகமும் ஒன்றே. மிச்சம் இருப்பது கோர் வித்தியாசம் மட்டும், அதில் பெரும்பகுதியை 90 வாட் வரம்பு விழுங்கிவிடும். 140 வாட் தாங்கும்படி கட்டிய பெட்டியில் விசிறியும் வெப்பக் குழாயும் பெரிதாக இருக்கும், எனவே 100 வாட் எடுக்கும் 4060 அதில் சத்தம் குறைவாகவும் குளிர்ச்சியாகவும் ஓடும். லேப்டாப்பை தினமும் பையில் போட்டுத் தூக்கிச் செல்பவர் என்றால் மெலிசான 4070-ஐ எடுக்கலாம், எடைக்காக. மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது ரேம் குச்சி வாங்கிப் போடுங்கள்.